"60 நாள்" என்றதும் கரண்ட் போனால்

வீடியோ மீட்டிங்கில் லைன் அறுந்துவிட்டது என்பதைக் கடைசியாகத் தெரிந்துகொள்கிறவர், அப்போது பேசிக்கொண்டிருப்பவர்தான். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். குரல் கரகரக்கும், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகும், பிறகு வாய் பாதி திறந்தபடி முகம் உறைந்து நிற்கும். பேசுகிறவருக்கு இது எதுவுமே தெரியாது. திரையின் ஓரத்தில் இருக்கும் அவருடைய முகம் எப்போதும்போல அசைந்துகொண்டிருக்கும். அந்தப் படம் இன்டர்நெட் வழியாக வருவதில்லை. அவருடைய கேமராவிலிருந்து நேரே அவருடைய திரைக்கே வருகிறது. எதிரில் இருப்பவர்கள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நாம் சொல்வதை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறார்களே என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டே போவார். ஒருவரும் கண் சிமிட்டவில்லையே என்று உறைக்கும்போதோ, இணைப்பு போய்விட்டது என்று ஆப் அறிவிக்கும்போதோ, பல நொடிகள் ஓடிப் போயிருக்கும்.

அந்தப் பல நொடிகளில்தான் விஷயமே இருக்கிறது. தான் எங்கே நிறுத்தினோம் என்று பேசியவருக்கு ஒரு நினைப்பு. எதுவரை கேட்டோம் என்று மற்றவர்களுக்கு வேறு ஒரு நினைப்பு. நடுவில் இரண்டு மூன்று வாக்கியங்கள் யாருக்கும் சேராமல் விழுந்து கிடக்கின்றன. திரும்பி வருகிறவர் எத்தனை முறை சாரி சொன்னாலும் அந்த வாக்கியங்கள் தாமாகத் திரும்பி வருவதில்லை. அவற்றைத் தேடி எடுக்கிற வேலையைப் பலர் செய்வதில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டோம், தொடர்ந்துவிட்டோம், முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

ஒரு கேஸை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஆட்கள் கற்பனை; ஆனால் கரூரில் ஏற்றுமதித் தொழில் செய்கிற யாரும் இதை நம்ப மறுக்கமாட்டார்கள். கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் கிளாத் என்று வீட்டு உபயோகத் துணிகள் செய்து அனுப்புகிற ஒரு சின்ன கம்பெனி. அங்கே இளம் மெர்ச்சன்டைசர் ஒருவர் இருக்கிறார். மறுமுனையில் இரண்டு பேர்: ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உட்கார்ந்திருக்கும் பையர், அவருக்காகச் சென்னையில் வேலை பார்க்கும் பையிங் ஆபீஸ் மேடம். மீட்டிங் ஜூமில். கோடைக்காலம் என்பதால் ஹாம்பர்க் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நமக்குப் பிற்பகல் 2.45, அவர்களுக்குக் காலை 11.15.

விலை ஒருவழியாகப் படிந்துவிட்டது. எத்தனை நாளில் சரக்கு ரெடியாகும் என்று பையர் கேட்கிறார். மெர்ச்சன்டைசர் சொல்லத் தொடங்குகிறார்: "60 நாள்ல குடுத்தர்றோம். ஆனா அது பிஓ தேதியில இருந்து இல்லைங்க, லேப் டிப் அப்ரூவ் ஆன நாள்ல இருந்து." இதில் "60 நாள்ல குடுத்தர்றோம்" என்பது ஹாம்பர்க்குக்குப் போய்ச் சேர்ந்தது. "ஆனா" என்பதிலிருந்து மிச்சமெல்லாம் கரூரிலேயே நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது.

லேப் டிப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பையர் கேட்ட நிறத்தைச் சாயப்பட்டறையில் முதலில் சின்னச் சின்னத் துண்டுத் துணிகளில் ஏற்றிப் பார்ப்பார்கள். ஒரே நிறத்தில் கொஞ்சம் கூடக் குறைய இரண்டு மூன்று ஷேடு செய்து கூரியரில் அனுப்புவார்கள். பையர் அதைப் பார்த்து, இந்த ஷேடு சரி என்று ஒன்றைச் சொன்ன பிறகுதான் மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்றுவது. எதுவுமே சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆக பர்ச்சேஸ் ஆர்டர் கையில் வந்த நாளுக்கும் லேப் டிப் ஓகே ஆன நாளுக்கும் நடுவில் இரண்டு வாரம் போவது சாதாரணம். பையரின் நோட்டில் 60 நாள் என்று இருக்கிறது. எந்த நாளிலிருந்து என்று இல்லை. அவர் தன் வழக்கப்படி பிஓ தேதியிலிருந்து எண்ணுவார். இரண்டு வாரம் பிசகினால் தூத்துக்குடியில் ஏற்றவேண்டிய கப்பல் போய்விடும். பிறகு சரக்கை விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது என்பார்கள். ஏர் ஷிப்மென்ட் என்ற சொல்லைக் கேட்டால் கரூரிலும் திருப்பூரிலும் முதலாளிகளுக்குத் தூக்கம் போய்விடும். அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் அதிலேயே கரைந்துவிடலாம்.

கம்பெனியில் ஜெனரேட்டர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கம்ப்யூட்டர்களுக்கு யூபிஎஸ்ஸும் இருக்கிறது. ஆனால் ரூட்டர் வாசலுக்குப் பக்கத்தில், ரிசப்ஷன் மேஜைக்கு மேலே சுவரில் தொங்குகிறது. நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் கேபிள் எங்கே வசதியாக வந்ததோ அங்கே மாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த பிளக் யூபிஎஸ் லைனில் இல்லை. கரண்ட் போனது, வாட்ச்மேன் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட ஒரு நிமிடம், அதன்பிறகு ரூட்டர் எழுந்து, வெளி இணைப்பைப் பிடித்து, நெட் கொடுக்க இன்னும் இரண்டு மூன்று நிமிடம். வீடுகளிலும் இதே கதைதான். இன்வெர்ட்டரில் ஃபேன் சுற்றும், லைட் எரியும், ரூட்டர் மட்டும் செத்துக் கிடக்கும். ரூட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருந்தால்கூடச் சில வீடுகளில் கரண்ட் போகும் அந்தக் கணத்தில் அது அணைந்து மறுபடி தொடங்கும். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் போடாவிட்டால் பேட்டரிக்கு மாறுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும். ஃபேனுக்கு அந்த இடைவெளி தெரியவே தெரியாது. ரூட்டருக்கு அது போதும்.

நம் மெர்ச்சன்டைசரின் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் திரை அணையவில்லை. அதனால்தான் அவரும் மற்றவர்களைப்போலக் கொஞ்ச நேரம் காற்றோடு பேசினார். ஃபேன் நின்றதைக் கவனித்த பிறகுதான் நிலைமை புரிந்தது.

இனி அவர் செய்யவேண்டியது என்ன? பலரும் முதலில் ரூட்டரிடம் ஓடுவார்கள். அது தவறு. முதல் ஒரு நிமிடம் மெஷினுக்கு அல்ல, ஆட்களுக்கு. எதிர்முனையில் இருப்பவர்களுக்கு இங்கே கரண்ட் போனது தெரியாது. அவர்கள் பக்கம் பார்த்தால் விலை பேசி முடித்து, டெலிவரி கேட்ட இடத்தில் ஆள் காணாமல் போயிருக்கிறார். வசதியில்லாத கேள்வி வந்ததும் நழுவிவிட்டார் என்று யாராவது நினைத்தால் அது அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் செய்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆகவே ரூட்டரைத் தொடுவதற்கு முன்னால், போனை எடுத்துச் சென்னை மேடத்துக்கு வாட்ஸப்பில் இப்படி ஒன்றை அனுப்பவேண்டும்:

"மேடம், இங்க கரண்ட் போயிருச்சுங்க. போன் நெட்ல அஞ்சு நிமிஷத்துல வந்தர்றேன். டெலிவரி பத்தி இன்னும் சொல்லி முடிக்கலை, வந்து சொல்றேன். அதுவரைக்கும் ஏப்ரன் சாம்பிள் பாத்துட்டு இருங்க."

இந்தச் செய்தியில் மன்னிப்பு இல்லை என்பதைக் கவனிக்கலாம். அதற்கு இது நேரமில்லை. காத்திருப்பவர்களுக்கு இப்போது தேவை மூன்று தகவல்: என்ன ஆயிற்று, எப்போது வருவார், அதுவரை நாங்கள் என்ன செய்வது. கடைசியில் சொன்னதுதான் பலருக்கும் தோன்றாதது. ஏப்ரனைப் பாருங்கள் என்று ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டால் அந்த ஐந்து நிமிடம் அவர்களுக்கு வீணாகாது. நடுவில் இருக்கிற அந்த "இன்னும் சொல்லி முடிக்கலை" என்பது இந்த ஆர்டரையே காப்பாற்றக்கூடிய வாக்கியம். 60 நாள் என்பது முழுப் பதில் அல்ல என்று அது அப்போதே பதிவாகிவிடுகிறது.

வாட்ஸப்பும் இன்டர்நெட்டில் ஓடுவதுதான் என்பதை மறக்கக்கூடாது. மொபைல் டேட்டா இருந்தால்தான் செய்தி போகும். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டால் சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பவேண்டும், அல்லது கூப்பிட்டுவிட வேண்டும். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமோடு வாட்ஸப்பும் சேர்ந்து உலகம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துவிட்டது பலருக்கு நினைவிருக்கும். யாருடைய போன் நம்பரும் இல்லாமல், மீட்டிங் லிங்க்கை மட்டும் நம்பி உட்காருகிறவர்கள் அதிகம். முக்கியமான மீட்டிங் என்றால் எதிராளி ஒருவருடைய நம்பரையாவது முன்பே வாங்கி, போனில் பதிந்துவைக்க வேண்டும். லேப்டாப்பில் உள்ள மெயிலில் மட்டும் நம்பர் இருந்தால், நெட் போன நேரத்தில் அதைத் திறக்க முடியாமல் தவிப்போம்.

செய்தி போய்விட்டது. இப்போது திரும்பிப் போகும் வழி. லேப்டாப்பில் சார்ஜ் இருப்பதால் சுலபமான வழி போனின் ஹாட்ஸ்பாட்தான். முன்னமே ஒருமுறை லேப்டாப்பை அந்த ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாஸ்வேர்டு கொடுத்து வைத்திருந்தால், இப்போது போனில் அதை ஆன் செய்த உடனே லேப்டாப் பிடித்துக்கொள்ளும். ஜூம் தானாகவே மறுபடி இணையப் பார்க்கும். முதல்முறையாக அந்த அவசரத்தில் பாஸ்வேர்டு தேடுவதில்தான் ஐந்து நிமிடம் பதினைந்தாகிறது. வந்ததும் வீடியோவைப் போடக்கூடாது. ஜூம் கொடுக்கிற கணக்குப்படி குரலுக்கு 60 முதல் 80 கேபிபிஎஸ் போதும். இரண்டு பேர் பேசும் நல்ல வீடியோவுக்கு 600 வேண்டும். ஒரு பகுதியில் கரண்ட் போனால் அக்கம்பக்கத்தில் வைஃபையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறார்கள், டவர் திணறும். முகத்தைக் காட்ட ஆசைப்பட்டால் குரலும் போய்விடும்.

போனிலிருந்தே நேராக மீட்டிங்குக்குள் போகிறவர்களுக்கு ஒரு சின்னச் சிக்கல் வரும். போனில் உள்ள ஜூமில் தன் கணக்கில் லாகின் செய்திருக்கமாட்டார்கள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் போனின் பெயரோ, வீட்டில் பையன் எப்போதோ வைத்த பட்டப்பெயரோ இருக்கும். வெயிட்டிங் ரூம் போட்டிருந்தால், முன்பின் தெரியாத யாரோ கதவைத் தட்டுவதுபோலத் தெரியும். உள்ளே இருப்பவர்கள் திறக்கமாட்டார்கள். மீட்டிங்கை நடத்தியவரே இப்படித் தன் வீட்டு வாசலில் தானே நிற்கிற காட்சியும் உண்டு. மீட்டிங்கை நடத்துகிறவராக இருந்தால் ஆரம்பத்திலேயே ஒருவரைக் கோ-ஹோஸ்ட் ஆக்கிவைப்பது இதற்காகத்தான். இவர் அறுந்து போனாலும் நடத்தும் பொறுப்பு அவரிடம் போகும், கதவைத் திறக்க ஆள் இருக்கும். தன் கணக்கிலேயே திரும்பி வந்தால் "Reclaim Host" என்பதைத் தொட்டுப் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கூகுள் மீட்டில் அழைத்தவர் அறுந்தாலும் மீட்டிங் நின்றுவிடாது. அதே லிங்க்கில் திரும்பி வரலாம்.

இன்னொன்று: போனில் உள்ளே போன நேரத்தில் ஜெனரேட்டர் வந்து, ரூட்டரும் எழுந்து, லேப்டாப்பும் தன்பாட்டில் மீட்டிங்கில் சேர்ந்துகொள்ளும். ஒரே அறையில் இரண்டு மைக், இரண்டு ஸ்பீக்கர். காதைப் பிளக்கும் கீச்சொலி கிளம்பும். ஒன்றை மூடிவிட்டுத்தான் வாயைத் திறக்கவேண்டும்.

இப்போது மன்னிப்பு. நம் ஊர் வழக்கம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். "சாரி சார், வெரி சாரி சார், காலையில இருந்தே இப்படித்தான் சார், டிரான்ஸ்ஃபார்மர்ல ஏதோ வேலையாம், ஈபிக்குப் போன் பண்ணினா எடுக்கவே மாட்டேங்குறாங்க, எங்க ஏரியாவே மோசம்." கேட்பவருக்கு இதில் எந்தப் பயனும் இல்லை. போன நேரத்தோடு இந்தப் புராணம் கேட்ட நேரமும் சேர்ந்துகொள்கிறது. அதோடு, புலம்பலைக் கேட்டுவிட்டால் பரவாயில்லை, பரவாயில்லை என்று ஆறுதல் சொல்லவேண்டிய பொறுப்பும் அவர்கள் தலையில் விழுகிறது. காக்கவைத்தவர் ஆறுதல் வாங்குகிறார், காத்திருந்தவர் கொடுக்கிறார்.

மன்னிப்பு ஒரே ஒரு முறை போதும், அதுவும் காக்கவைத்ததற்கு. கரண்ட் போனதற்கு அல்ல. அது அவர் கையில் இல்லை. அதற்கு அடுத்த வாக்கியத்தில் இனி என்ன ஆகும் என்று சொல்லவேண்டும். கரூர்க்காரர் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "காக்க வெச்சதுக்கு மன்னிக்கணும். இப்ப போன் நெட்ல இருக்கேன், அதனால வீடியோ போடலை. மறுபடி கட் ஆச்சுன்னா மேடம் நம்பருக்கு நானே கூப்பிடறேன்." திரும்பவும் அறுந்தால் என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு இனி இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மன்னிப்பின் எடை கூடவேண்டும் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும்போது, எந்தத் துணை மின் நிலையம், எந்தெந்தப் பகுதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். பத்திரிகையில் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் வந்துவிடுகிறது. காலை 9 மணிக்குப் போனால் சாயந்திரம்வரை ஆகலாம். அப்படி அறிவித்த நாளில் மீட்டிங் வைத்துவிட்டு, திடீரென்று கரண்ட் போய்விட்டது என்று சொல்வது சரியல்ல. ஹாம்பர்க்கில் இருப்பவருக்கு அது தெரியாது. சென்னையில் இருக்கும் மேடத்துக்குத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. "ஷட்டவுன் இருக்குன்னு பாக்காம விட்டுட்டேன், தப்பு என்னோடது" என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை. அது சுருக்கமாகவும் இருக்கிறது. அறிவிப்பில்லாமல் போனால் மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகார் கொடுக்கலாம். ஆனால் அது மீட்டிங் முடிந்த பிறகு செய்கிற வேலை.

மன்னிப்புக்கு அடுத்ததுதான் முக்கியமான கட்டம். திரும்பி வந்தவர் தான் நிறுத்திய இடத்திலிருந்து தொடரக்கூடாது. அவர் நிறுத்திய இடம் அவருக்கு மட்டும்தான் தெரியும். "நான் சொன்னதுல கடைசியா எதுவரைக்கும் கேட்டுச்சு?" என்று கேட்கவேண்டும். "கேட்டுச்சா?" என்று மொட்டையாகக் கேட்டால் எல்லோரும் கேட்டது என்றே சொல்வார்கள். கேட்டது கேட்டதுதானே, கேட்காததைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? பையர் 60 நாள் என்பது கேட்டது என்பார். அவரைப் பொறுத்தவரை அது முழு வாக்கியம். வாக்கியம் தானாகவே முடிந்ததுபோல ஒலிக்கும் இடத்தில் லைன் அறுந்தால் அதுதான் ஆபத்து. நடுவார்த்தையில் அறுந்திருந்தால் ஏதோ விட்டுப்போயிற்று என்று இருவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆகவே கேட்டது எதுவரை என்று தெரிந்த பிறகு, ஒரு வாக்கியம் பின்னால் போய், கேள்வியிலிருந்தே தொடங்கவேண்டும்: "டெலிவரி எத்தனை நாள்னு கேட்டீங்க. 60 நாள். லேப் டிப் அப்ரூவல் தேதியில இருந்து." இப்போது ஆனா என்று இழுக்காமல் நாளையும் தொடக்கத் தேதியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். கேள்வியைத் தானே நினைவுபடுத்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. நழுவிப் போனவர் யாரும் திரும்பி வந்து அதே கேள்வியைத் தானே எடுக்கமாட்டார். சந்தேகம் இருந்தாலும் அந்த இடத்தில் கலைந்துவிடும்.

வேலைக்கான நேர்முகத் தேர்வை வீடியோவில் கொடுக்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். கடினமான கேள்வி ஒன்று வந்த நேரத்தில் நெட் போனால் எதிரில் இருப்பவர்களுக்கு என்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. திரும்பி வந்ததும் வீட்டு நிலவரம் சொல்லாமல், "சார், நீங்க கேட்ட கேள்வி இது, அதுக்கு இந்த இடம்வரைக்கும் சொல்லியிருந்தேன்" என்று பிடித்துக்கொண்டால் போதும்.

பெரியவர்கள் அறுந்து போகும்போது கதை வேறு மாதிரி ஆகும். முதலாளியோ மேனேஜரோ பேசிக்கொண்டிருக்கும்போது லைன் போய்த் திரும்பி வந்தால், எங்கே விட்டேன் என்று அவர் கேட்பதில்லை. நமக்கும் சொல்ல வாய் வருவதில்லை. அவர் பாட்டுக்குச் சொன்னதையே பத்து நிமிடம் திருப்பிச் சொல்வார், அல்லது நடுவில் ஒரு துண்டு இல்லாமலே முடிவுக்குப் போய்விடுவார். கீழே இருப்பவர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். "சார், ரேட் விஷயம்வரைக்கும் கேட்டுச்சு, அதுக்கப்புறம் லைன் இல்லை" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடலாம். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிற மேனேஜரை நான் இன்னும் பார்க்கவில்லை.

காத்திருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சென்னை மேடம் இந்த நேரத்தில் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. அவர் லைன் போயிருக்கிறது என்று பையரிடம் சொல்லிவிட்டு, இல்லாதவரைத் தொடாத விஷயத்தைப் பேசவேண்டும். ஏப்ரனின் கழுத்துப்பட்டி நீளம் பேசலாம். டெலிவரி தேதியைப் பேசி முடிவு செய்துவிடக்கூடாது. இல்லாதவர் முதுகுக்குப் பின்னால் எடுத்த முடிவு, அவர் வந்ததும் திரும்ப அவிழும். பையர் ஐரோப்பியர், கரண்ட் கட் என்றால் அவருக்குப் புரியாது என்று நம்மவர்கள் கூச்சப்படுவதும் இப்போது தேவையில்லாதது. 2025 ஏப்ரல் 28ஆம் தேதி ஸ்பெயினும் போர்ச்சுகலும் நாடு முழுக்க இருண்டு, ரயில்கள் பாதி வழியில் நின்றன.

சொன்ன ஐந்து நிமிடத்தில் வர முடியவில்லை என்றால்? ஐந்தைப் பத்தாக்கலாம், ஒருமுறை மட்டும். அதற்குமேல் இதோ வந்துவிட்டேன், இதோ வந்துவிட்டேன் என்று இழுப்பதைவிட அவர்களை விட்டுவிடுவது நல்லது. கரண்ட் வந்தும் நெட் வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஃபைபர் பெட்டியின் விளக்குகளே ஓரளவு சொல்லிவிடும். PON என்ற விளக்கு அணையாமல் பச்சையாக நின்றால் வெளியிலிருந்து வரும் ஃபைபர் நன்றாக இருக்கிறது. பெட்டி இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுக்கலாம். LOS என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை. எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது ஆபரேட்டரின் இடத்திலேயே கரண்ட் இல்லை. பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவதால் ஒன்றும் நடக்காது. இன்றைக்கு இந்த நெட் இல்லை என்று முடிவு செய்து மீட்டிங்கைத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைக்கும்போது, உங்களுக்கு எப்போது வசதி என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அவர்களுக்கு இன்னொரு வேலை. இன்று அவர்கள் நேரம் 1 மணி, அல்லது நாளை 11.15 என்று இரண்டைச் சொல்லி ஒன்றை எடுக்கச் சொல்லலாம். அவர்கள் கடிகாரப்படி சொல்லவேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஜெர்மனிக்கும் நமக்கும் இடைவெளி நாலரை மணி நேரமாகிவிடும் என்பதை மறந்து, மன்னிப்புக்காக வைத்த மீட்டிங்கிலேயே ஒரு மணி நேரம் முன்பின்னாக உட்கார்ந்தவர்கள் உண்டு.

நம் கரூர்க்காரர் நான்காவது நிமிடத்தில் ஹாட்ஸ்பாட்டில் வந்துவிட்டார். சொல்லவேண்டியதைச் சொன்னார். பையர் நோட்டைப் பார்த்து முகம் சுளித்தார், பிஓ தேதியிலிருந்துதானே கணக்கு என்றார். கொஞ்சம் இழுபறி. கடைசியில் லேப் டிப்பைக் கரூரிலிருந்து ஒரு வாரத்துக்குள் அனுப்புவது, வந்து சேர்ந்த மூன்று வேலை நாளில் பையர் பதில் சொல்வது, அந்த நாளிலிருந்து 60 நாள் என்று நின்றது.

அன்று மாலையே அவர் ஒரு மெயில் அனுப்பவேண்டும். அறுந்த மீட்டிங்குக்குப் பின்னால் போகிற மெயிலில் மன்னிப்பை மறுபடி பாடுகிறவர்கள் பலர். ஒரு வரி போதும், அதுவும் கடைசியில் இருந்தால் போதும். முதல் வரியில், லைன் அறுந்த இடத்தில் இருந்த விஷயம் வரவேண்டும்: "டெலிவரி 60 நாள், லேப் டிப் அப்ரூவல் தேதியிலிருந்து." அதன்கீழே லேப் டிப் எந்தத் தேதியில் கிளம்பும், பதில் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எண்ணிக்கையாக இல்லாமல் தேதியாகவே எழுதவேண்டும். பிறகு விலை, அளவு என்று லைன் அறுவதற்கு முன்னால் படிந்தவை. அதன்பின், அவர் இல்லாத நான்கு நிமிடத்தில் ஏப்ரனைப் பற்றி மேடமும் பையரும் பேசியது என்ன என்று அவர்களிடமே கேட்டு ஒரு வரி. இதில் பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான். தான் சொன்னது அவர்களுக்குக் கேட்டதா என்று கவலைப்படுகிறவர், அவர்கள் சொன்னது தனக்குக் கேட்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார். கழுத்துப்பட்டியை மூன்று சென்டிமீட்டர் கூட்டச் சொல்லியிருப்பார்கள்; தையல் முடிந்த பிறகு தெரியவரும்.

அடுத்த நாள் செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கி. ரூட்டரின் அடாப்டரைக் கழற்றி அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட் என்றிருக்கும், சிலதில் 9. ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதன் அடாப்டரையும் பார்க்கவேண்டும். அதே வோல்ட்டுக்கு ரூட்டருக்கென்றே விற்கிற மினி யூபிஎஸ் ஒன்றை வாங்கி நடுவில் மாட்டிவிட்டால், கரண்ட் போனது ரூட்டருக்குத் தெரியவே தெரியாது. வோல்ட் மாறினால் ரூட்டர் போய்விடும் என்பதால் கடையில் அடாப்டரையே கையில் கொண்டுபோய்க் காட்டிவிடுவது நல்லது. வாங்கிய பிறகு மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, ஜூமில் நண்பர் ஒருவரோடு பேசிப் பார்க்கவேண்டும். பெட்டிகள் இரண்டும் எரிந்துகொண்டிருக்க LOS மட்டும் சிவந்தால், நம் வீட்டில் எத்தனை பேட்டரி வைத்தாலும் பயனில்லை, ஆபரேட்டர் பக்கம் பேக்கப் இல்லை என்று தெரிந்துவிடும். ஆனால் இந்தச் சோதனை தெருவில் உண்மையிலேயே கரண்ட் போயிருக்கும் நேரத்தில் செய்தால்தான் சரியாக வரும். மெயினை அணைத்தால் இருட்டாவது நம் வீடு மட்டும்தான், ஆபரேட்டர் வெளிச்சத்தில் இருப்பார். மாதாந்திர ஷட்டவுன் நாள் அதற்குத் தோதானது.